போன் ஒரு படி, நாம் ஒரு படி

எமது பாடசாலையிற் பத்தாந் தரத்து மாணவர் ஆண்டுதோறும் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை வெளியிடுவது வழக்கம். கதை, கவிதை, ஊர் வரலாறு என அவர்கள் தாமே எழுதி, தாமே படியெடுத்து, தாமே தைத்துக் கட்டுவர். தமிழாசிரியர் என்ற முறையில் அதன் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. இம்முறை ஒவ்வோர் ஆக்கத்தின் தலைப்பிலும் அதை எழுதியவரின் முகம் இடம்பெற வேண்டுமென்று மாணவர் குழு தீர்மானித்தது. புகைப்படம் ஒட்டலாம் என்றோம். பெண் பிள்ளைகள் சிலரின் வீடுகளில் அதற்கு உடன்பாடு கிடைக்கவில்லை. சஞ்சிகை கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போகும், பிள்ளையின் படம் அதனோடு போகவேண்டியதில்லை என்பது பெற்றோரின் வாதம். அவர்களது அச்சத்தை நாம் பிழையென்று சொல்வதற்கில்லை.

அப்பொழுதுதான் ஒரு மாணவன், “சேர், அவதார் செய்து போடுவமே!” என்றான்.

அவதாரம் என்ற சொல்லை நாம் பிள்ளைகளுக்குத் திருமாலோடு சேர்த்துக் கற்பித்தவர்கள். அவர்களோ அச்சொல்லை ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றி வந்த வடிவிற் கற்றிருக்கிறார்கள். கணினித் திரையிலும் கைப்பேசியிலும் ஒருவருக்குப் பதிலாக நிற்கும் சித்திர உருவே அவர்களது அவதார். இதனை ஆக்குவதற்கெனச் செயலிகள் உண்டு. செல்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தால் அது எம் முகத்தைப் பார்த்து, தன்னிடம் முன்னரே வரைந்து வைத்திருக்கும் கண், மூக்கு, தாடை, தலைமயிர் ஆகியவற்றிற் பொருத்தமானவற்றைத் தேர்ந்து ஒட்டித் தரும். பின்னர் நாம் விரும்பியவாறு ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். 32 பிள்ளைகள், வகுப்பிற்கென வீடுகளிலிருந்து அனுமதியோடு வந்தவை 6 கைப்பேசிகள். இரண்டு வாரங்களில் முகங்கள் யாவும் தயாராகிவிடும் என்று எண்ணினோம். ஐந்து வாரங்கள் சென்றன. அந்த ஐந்து வாரங்களில் நாம் கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, இச்செயலி எம்மை வரைவதில்லை என்பதாகும். ஓவியன் ஒருவன் முகத்தைப் பார்த்துக் கோடிழுப்பான். செயலியோ ஒரு பெட்டியைத் திறந்து உள்ளதிற் கிட்டியதை எடுத்துத் தரும். செல்பியில் முகம் எங்கிருக்கிறது என்று கண்டு, கண்ணின் முனைகள், புருவத்தின் வளைவு, மூக்கின் நுனி, உதட்டின் ஓரங்கள், தாடையின் விளிம்பு ஆகிய இடங்களிற் புள்ளிகளை வைக்கும். இத்துறையிற் பெரிதும் வழங்கிவந்த ஒரு முறையில் இப்புள்ளிகள் 68 ஆகும். புள்ளிகளுக்கிடையிலான தூரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முகம் நீண்டதா, வட்டமானதா, தாடை கூரியதா, சதுரமானதா என்று தீர்மானிக்கும். பத்துத் தாடைகள் பெட்டியில் இருந்தால் எவருடைய தாடையும் அப்பத்தில் ஒன்றாகவே ஆகவேண்டும். ஆயத்த ஆடைக் கடையிற் சட்டை வாங்குவது போன்ற விடயம் இது. உடல் சட்டைக்கேற்ப மாறாது. ஆனால் எந்த அளவுச் சட்டையைக் கேட்பது என்பதிற் பிழை நேரலாம்.

அப்பிழை முதலில் மூக்கில் வெளிப்பட்டது. பிள்ளைகள் ஆக்கிய முதற் படங்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் அகன்ற மூக்கும் ஒடுங்கிய முகமும் வாய்த்திருந்தன. காதுகள் பின்வாங்கிப் போயிருந்தன. எமது படமும் அவ்வாறே. இது எம்மவர் மூக்கின் குற்றமன்று. கையின் நீளத்தின் குற்றம். கைப்பேசியை முகத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தூரத்திற் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூக்கின் நுனி 30 இல் இருக்கும்போது காது ஏறத்தாழ 42 இல் இருக்கிறது. கிட்ட இருப்பது பெரிதாகத் தோன்றும் என்ற எளிய விதிப்படி, காதோடு ஒப்பிடுகையில் மூக்கு 1.4 மடங்கு பெருத்துத் தோன்றும். அதே முகத்தை ஒன்றரை மீற்றர் தூரத்திலிருந்து எடுத்தால் 150க்கு 162 என்றாகி, வேறுபாடு பத்தில் ஒரு பங்கிலும் குறைந்துவிடும். 2018 இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த கணிப்பொன்றும், 12 அங்குலத்தில் எடுத்த செல்பியில் மூக்கின் அடி ஏறத்தாழ 30 வீதம் அகன்று தோன்றுமென்றும், 5 அடியில் அம்மிகை இல்லாதொழியுமென்றும் காட்டியது.

ஆதலின் கைப்பேசியை மேசைமீது புத்தகங்களின் மேல் கண்மட்டத்தில் நிறுத்தினோம். அல்லது தோழன் ஒருவன் இரண்டு எட்டுத் தள்ளி நின்று எடுத்தான். பின்னர் படத்தின் ஓரங்களை வெட்டி முகத்தை மட்டும் செயலிக்குக் கொடுத்தோம். தூரத்திலிருந்து எடுத்து வெட்டுவதும் கிட்ட நின்று எடுப்பதும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகள் இரண்டு படங்களையும் பக்கத்திற் பக்கம் வைத்துத் தாமே கண்டார்கள். ஒருத்தி மாத்திரம், “இவ்வளவு நாளும் என்ர மூக்குத்தான் பிழை எண்டு நினைச்சனான் சேர்” என்றாள். வகுப்புச் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆயினும் அவள் ‘இவ்வளவு நாளும்’ என்று சொன்னது எம் செவியில் நின்றுவிட்டது.

அடுத்தது தலைமயிர். இங்கே செயலிக்குத் தெரிவது நெற்றிக்கு மேலுள்ள ஒரு கரிய பரப்பு மட்டுமே. எமது பாடசாலைப் பெண் பிள்ளைகள் எண்ணெய் தேய்த்து வாரி, வகிடெடுத்து, இரட்டைப் பின்னலிட்டு நாடா கட்டுபவர்கள். பின்னல்கள் தோளுக்குப் பின்னே கிடக்கும்போது முன்னிருந்து பார்க்கும் கண்ணாடிக்கு அவை இல்லை. ஆகவே மயிரைக் கட்டையாக வெட்டிய பையன் தலைகளையே செயலி அவர்களுக்குக் கொடுத்தது. எண்ணெயின் மினுக்கம் யன்னல் வெளிச்சத்தில் வெள்ளைக் கீற்றாக விழுந்த ஒரு பிள்ளைக்கு நரைகலந்த மயிர் கிடைத்தது. இதற்கு மருந்து எளிது. பின்னல்களை முன்னே எடுத்துத் தோளின்மீது விட்டுப் படமெடுக்கவேண்டும். நேர் வெளிச்சத்தை விலக்கவேண்டும். மயிரின் நிறத்தைச் செயலியின் தீர்ப்புக்கு விடாது கையாலே தெரியவேண்டும்.

வகிட்டில் ஒரு நுட்பம் உண்டு. முன்பக்கக் கமரா படமெடுக்குமுன் எம்மைக் கண்ணாடியிற்போல இடவலம் மாற்றிக் காட்டுகிறது. சில கைப்பேசிகள் அம்மாறிய வடிவத்தையே சேமித்துவைக்கும்; வேறு சில நேராக்கிச் சேமிக்கும். எனவே இடப்பக்க வகிடு வலப்பக்கம் போய்விடலாம். தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டும் கண்டு பழகியவருக்கு இப்பிழை தெரியாது, பார்ப்பவருக்கே தெரியும். சட்டையிலுள்ள பாடசாலை இலச்சினை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் உண்மை துலங்கிவிடும்.

புருவத்தை நாம் அலட்சியம் செய்திருந்தோம். கண்ணே முகத்தின் உயிர் என்பது எமது எண்ணம். ஆனால் 2003 இல் வெளியான ஆய்வொன்றில், பிரபலமானவர்களின் படங்களிற் கண்ணை அழித்தபோதிலும் பார்க்கப் புருவத்தை அழித்தபோதே அவர்களை அடையாளங் காண்பது கடினமாக இருந்தது. பெட்டியிலிருந்த மெல்லிய, வளைத்துச் சீராக்கிய புருவங்களைக் களைந்து, தடித்த நேர்ப் புருவங்களை எடுத்தபோது, எத்தனையோ பிள்ளைகளின் முகங்கள் திடீரெனத் தம்மைக் காட்டின. படங்களைக் கலைத்துப் பெயரின்றி மேசையிற் பரப்பி, யாருடையது எதுவென்று வகுப்பாரைக் கேட்டோம். முதல் வாரத்திற் பலரை எவராலும் இனங்காண முடியவில்லை. முடிக்கோடும் புருவமும் தாடையும் திருத்தப்பட்ட பின் பெரும்பாலோரை வகுப்புக் கண்டுகொண்டது. ஒருவர் தமக்குத் தாமே ‘ஒத்திருக்கிறது’ என்று சொல்வதிலும் இதுவே நம்பகமான பரீட்சை.

இனி நிறம். இங்கேதான் நாம் தடுமாறினோம்.

ஒரு மாணவி, வகுப்பில் நன்றாகக் கவிதை எழுதுபவள். மாநிறத்தவள், எமதூர்ப் பேச்சில் ‘பொதுநிறம்’. அவள் கொண்டுவந்த சித்திரத்தில் மூக்கும் புருவமும் பின்னலும் அச்சொட்டாக இருந்தன. நிறம் மட்டும் இருபடி வெளுத்திருந்தது. “இது நீ தானோ?” என்று கேட்டோம். கேட்ட தொனியிற் கண்டிப்பு இருந்திருக்கவேண்டும். அவள் முகம் சுருங்கியது. “போன் காட்டினதுதான் சேர்” என்றாள்.

நாம் அதனை நம்பவில்லை. நிறவெறுப்பைப் பற்றி நீண்டதொரு பிரசங்கம் எமது நாவின் நுனிவரை வந்துவிட்டது. பத்திரிகைகளின் மணமகள் தேவைப் பத்திகள், வெளுப்புக் களிம்புகள் என எடுத்துக்காட்டுகளும் கைவசம் இருந்தன. அவ்வேளையில் எமது பக்கத்திலிருந்த தகவல் தொழினுட்ப ஆசிரியர் எமது சித்திரத்தைச் சுட்டி, “மாஸ்ரர், உங்கட படத்தையும் ஒருக்கால் பாருங்கோ” என்றார். பார்த்தோம். அதில் இருந்தவர் எம்மைவிட இருபடி வெளுத்தவர். பிரசங்கம் நாவிலேயே நின்றது.

நண்பர் அதன் காரணத்தை விளக்கினார். கமரா தோலின் நிறத்தை அளப்பதில்லை. தோலிலிருந்து தெறித்து வரும் ஒளியையே அளக்கிறது. ஒளி கூடினால் அதே கன்னம் வெளுக்கும், குறைந்தால் கறுக்கும். போதாதற்கு, கமரா படத்தின் பிரகாசத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். சட்டத்தை நிறைத்து நிற்பது ஒரு கரிய முகமானால், ‘இங்கே வெளிச்சம் போதாது’ என்று கருதி முழுவதையும் வெளுப்பாக்கும். சட்டத்தில் வெண்மை மிகுந்திருந்தால், ‘வெளிச்சம் மிகை’ என்று கருதி முழுவதையும் இருட்டாக்கும். இவற்றோடு பல கைப்பேசிகளின் முன்பக்கக் கமராவில் ‘அழகூட்டல்’ என்றொரு வசதி, வாங்கிய நாள் முதலாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது தோலை மழுப்புவதோடு வெளுக்கவும் செய்யும். செயலியோ, கன்னத்தில் விழுந்த நிறத்தை எடுத்துத் தன் நிறப்பட்டையில் அதற்குக் கிட்டிய படியைச் சுட்டுகிறது. கமரா சொன்ன பொய்யைச் செயலி நேர்மையாக ஒப்புவிக்கிறது என்று சொல்லலாம்.

அம்மாணவி தன் வீட்டு அறையில், மங்கிய வெளிச்சத்தில், முகத்தை மிகக் கிட்டவைத்து, அழகூட்டல் இயங்கிய நிலையிற் படமெடுத்திருந்தாள். வெளுப்பதற்கான காரணங்கள் மூன்றும் ஒருங்கே கூடியிருந்தன. நாமும் அவ்வாறே எடுத்திருந்தோம்.

இதற்கு நேர்மாறான கதையும் அதே வகுப்பில் இருந்தது. ஒரு மாணவனை எல்லோரும் ‘கறுவல்’ என்றே அழைப்பர். அவன் தாயும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று சொல்லிச் சிரிப்பான். அவனது சித்திரம் நிறப்பட்டையின் கடைசிப் படியில், அதாவது மிகக் கறுத்த படியில் இருந்தது. அதை ஒருவரும் வினவவில்லை, நாமும் வினவவில்லை. வெளுப்புத்தான் எமக்குப் பொய்யாகத் தோன்றியதே தவிரக் கறுப்புப் பொய்யாகத் தோன்றவில்லை. ஆனால் நண்பர் இருவரையும் அளந்து பார்ப்போம் என்றார்.

அளந்த முறை இது. நண்பகல் வெயில் விழாத விறாந்தையில், யன்னலுக்கு முகங்கொடுத்து மாணவன் நின்றான். கன்னத்திற்குப் பக்கத்தில், அதே வெளிச்சம் விழும்படி வெள்ளைக் கடதாசி ஒன்றைப் பிடித்தான். அழகூட்டல் அணைக்கப்பட்டது. படத்தைக் கணினிக் கூடத்துக்குக் கொண்டுபோய், சாதாரண சித்திர மென்பொருளிற் சொட்டுக்குழாய் போன்ற கருவியாற் கன்னத்தைத் தொட்டால், அவ்விடத்தின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவுகள் 0 முதல் 255 வரையான எண்களாகத் தெரியும். மூன்று எண்களையும் பார்த்தோம். விளக்கத்தின் எளிமை கருதிச் சிவப்பை மட்டும் இங்கு தருகிறோம். மூக்கின் மினுக்கத்தையும் கண்ணின் கீழுள்ள நிழலையும் விலக்கி, நெற்றி, கன்னம், தாடை என மூன்றிடங்களைத் தொட்டு நடுவெண்ணை எடுத்தோம்.

மாணவனின் கன்னம் 113, கடதாசி 232. அவன் முன்னர் செயலிக்குக் கொடுத்த படத்தையும் திறந்தோம். அது வெள்ளைச் சீருடைத் தோழர் நால்வரோடு, சுண்ணாம்பு பூசிய சுவரின் முன் எடுத்தது. அதிற் கன்னம் 88. பக்கத்திலிருந்த வெள்ளைச் சட்டை 190. எண்களை மட்டும் பார்த்தால் 88 உம் 113 உம் இரண்டு வேறு மனிதரின் தோல். ஆனால் தன்னருகேயுள்ள வெள்ளையோடு ஒப்பிட்டால் இரண்டு படங்களிலும் அவன் கன்னம் வெள்ளையின் பாதிக்குச் சற்றுக் குறைவு. மாறியது கமராவின் தீர்ப்பு; மாறாதது அவன். கைப்பேசித் திரையின் முழு வெண்மை 255 ஆகையால், அதன் பாதிக்குச் சற்றுக் குறைந்த 120 அளவில் உள்ள படியே அவனுடையது. செயலியின் கடைசிப் படியின் சிவப்பு எண் 84. அதற்கு முந்தியது 116. அவன் இருக்கவேண்டிய இடம் கடைசிக்கு முந்திய படி.

மாணவியையும் அவ்வாறே அளந்தோம். கன்னம் 152, கடதாசி 228. மூன்றில் இரண்டு பங்கு. திரையில் அது 170. நிறப்பட்டையில் 168 என்றொரு படி இருந்தது. அதற்கு அடுத்த வெளுத்த படி 194. அவள் வீட்டில் எடுத்த செல்பியிற் கன்னம் 196 ஆக இருந்தது. எனவே செயலி அவளுக்கு 194 ஐச் சுட்டியிருக்கும். ஆனால் அவளது சித்திரம் அதற்கும் மேலே, 220 இல் இருந்தது.

நாம் ஒன்றும் கேட்கவில்லை. எண்களை அவளே கரும்பலகையிற் பார்த்தாள். சற்று நேரம் பொறுத்து, “போன் ஒரு படி கூட்டினது. நான் ஒரு படி கூட்டினன்” என்றாள்.

அம்முறையின் வரம்புகளையும் சொல்லவேண்டும். கடதாசி 255 எனக் காட்டினால் படம் அளவுக்குமீறி ஒளிபெற்றுவிட்டது. அதை நம்பலாகாது, திரும்ப எடுக்கவேண்டும். கடதாசியின் மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று கிட்ட இல்லாது நீலம் மிகக் குறைந்திருந்தால், மஞ்சள் மின்குமிழ் வெளிச்சம் கலந்திருக்கிறது. தோலும் மஞ்சளாகவே தோன்றும். தோலின் நிறம் வெளுப்பு, கறுப்பு என்ற ஒரே கோட்டில் அமைவதன்று. செம்மையும் மஞ்சளும் கலந்த சாயலும் உண்டு. ஒரே அளவு வெளுப்புடைய இருவர் சாயலில் வேறுபடுவர். பட்டையில் அச்சாயல் இல்லாவிடின் எவ்வளவு நுணுக்கமாக அளந்தும் பயனில்லை. கணினி இல்லாதவர், கைப்பேசித் திரையின் படிகளை வெயிலில் அதிகம் படாத முன்கையின் உட்புறத்தோடும், தாடையோரத்தோடும் மாறிமாறிப் பக்கத்தில் வைத்து, அதே விறாந்தை வெளிச்சத்திற் பார்ப்பதே போதும். முகம் உட்கையிலும் கறுத்தே இருக்கும். படியைத் தீர்மானிப்பது தாடையாகட்டும்.

பட்டையின் படிகள் யாருடைய கண்ணாற் பிரிக்கப்பட்டவை என்ற வினா மாணவரிடமிருந்தே எழுந்தது. எமதூரார் அனைவரையும் அடக்க அச்செயலியில் நான்கு படிகளே இருந்தன. அவற்றுக்கு மேலே எம்மில் எவருக்கும் பொருந்தாத வெளிர்நிறங்கள் வரிசையாக நின்றன. அச்செயலியின் பட்டை எங்கிருந்து வந்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் கைப்பேசியில் எல்லோரும் பயன்படுத்தும் இமோஜி முகங்களின் ஐந்து நிறங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 2015 இல் யூனிக்கோட் அவற்றைச் சேர்த்தபோது அடிப்படையாகக் கொண்டது, அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர் தோமஸ் பிற்ஸ்பற்றிக் 1975 இல் வகுத்த அளவுகோலை. அவர் வகுத்தது நிறத்தின் அளவுகோலே அன்று. வெயிலில் ஒருவர் தோல் எரிந்து சிவக்குமா, கறுக்குமா என்பதைக் கொண்டு, ஒளிச் சிகிச்சையின் அளவைத் தீர்மானிக்க எழுந்தது அது. முதலில் வெண்தோலரை மனத்திற்கொண்டே வகைகள் அமைந்தன. கபிலத் தோலுக்கும் கருந்தோலுக்குமான வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. வெயிலில் எரியும் தோல்களுக்கிடையே நுண்ணிய பிரிவுகளும், எரியாத தோல்களுக்கிடையே அகன்ற பிரிவுகளும் அமைந்ததன் காரணம் இதுவே. 2022 இல் கூகிள் நிறுவனம், ஹாவாட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எல்லிஸ் மொங்க் ஆக்கிய 10 படிகள் கொண்ட வேறோர் அளவுகோலை வெளியிட்டது. கறுத்த பக்கத்தில் அது கூடுதலாக இடந்தருகிறது.

படிகள் அகன்றிருக்கும்போது விளைவது யாது? இரண்டு படிகளுக்கு நடுவே நிற்கும் ஒருவர் எந்தப் பக்கம் சாய்வது என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அப்பொழுது கமராவும் செயலியும் ஒதுங்கிவிடுகின்றன. எஞ்சி நிற்பது மனம். மாணவியின் மனம் அவளை மேலே இழுத்தது. ‘கறுவல்’ என்றழைக்கப்பட்டவனின் கதை அதனிலும் எம்மை உறுத்துவது. அவனது கைப்பேசியும் அவனை ஒருபடி கறுப்பாகக் காட்டியது. வகுப்பும் அவனைப் பெயர் சொல்லாது நிறம் சொல்லி அழைத்தது. இரண்டு சாட்சிகளும் ஒன்றுபட்டமையால் அவன் தன் தோலைப் பார்க்கவே இல்லை. மாணவி தனக்கு இல்லாத நிறத்தை விரும்பித் தெரிந்தாள். அவனோ தனக்கு இல்லாத நிறத்தைப் பிறர் சொல்ல ஏற்றுக்கொண்டான். முன்னதை நாம் பிழையென்று கண்டித்தோம். பின்னதை நாமும் சேர்ந்து செய்தோம். வகுப்பேட்டில் அவனது பெயர் இருக்க, நாமே எத்தனை முறை அவனைக் ‘கறுவல்’ என்று கூப்பிட்டிருக்கிறோம் என்பது அன்று எமக்கு நினைவுக்கு வந்தது.

எமது கணக்கையும் எழுதிவிடுகிறோம். விறாந்தையில் கடதாசியோடு நின்றபோது எமது கன்னம் வெள்ளையின் பாதியை ஒட்டி வந்தது. அந்த மாணவனுக்கும் எமக்கும் பட்டையில் ஒரே படி. எமது சித்திரம் இருந்ததோ அதற்கு இரண்டு படி மேலே. கைப்பேசி சுட்டிய படியைச் செயலியின் பதிவிற் பார்த்தோம். அது ஒரு படிதான் மேலே இருந்தது. மற்றைய படியை எப்பொழுது, எந்த எண்ணத்தோடு தொட்டோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, சமத்துவத்தைப் பற்றி வகுப்புத்தோறும் பேசிவருபவரின் விரல் அது.

சஞ்சிகை தைத்துக் கட்டும் நாள் வந்தது. எவரும் எவருடைய நிறத்தையும் மாற்றச் சொல்வதில்லை என்று மாணவர் குழு முடிவு செய்தது. அளந்த எண்ணை அவரவர் கையிற் கொடுத்துவிட்டுத் தெரிவை அவரவரிடமே விட்டனர். அது சரியான முடிவென்றே கருதுகிறோம். மாணவி ஒரு படி இறங்கி, கைப்பேசி காட்டிய படியில் நின்றுகொண்டாள். “மற்றப் படி அடுத்த வருசம் சேர்” என்றாள். நாம் இரண்டு படியும் இறங்கினோம். அம்மாணவன் கடைசிப் படியிலிருந்து ஒரு படி ஏறித் தன்னுடைய படிக்கு வந்தான். வகுப்பில் ஒருவன், “என்னடா கறுவல், வெள்ளையாகிட்டாய்!” என்றான்.

“இல்லையடா. இதுதான் என்ர நிறம், அளந்தது” என்று அவன் பதில் சொன்னான். பின், சித்திரத்தின் கீழ்த் தன் முழுப் பெயரையும் எழுதினான்.